இது ஏன் அதன் பின்?
நெடிய இலக்கியக் கட்டுரையில் பத்திகளை இணைத்தல்

உயர்நிலை, மேல்நிலை வகுப்புகளில் தமிழ் விடைத்தாள் திருத்துகிற யாருக்கும் ‘மேலும்’ என்ற சொல் நன்றாகப் பழகியிருக்கும். நெடுவினா விடையின் இரண்டாம் பத்தி ‘மேலும்’ என்று தொடங்கும். மூன்றாவது ‘அதுமட்டுமின்றி’. நான்காவது ‘அடுத்ததாக’. ஐந்தாவது மறுபடியும் ‘மேலும்’. ஒவ்வொரு பத்தியையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. செய்தி சரி, பிழையும் குறைவு. ஆனால் முழுவதையும் படித்து முடித்தபின், ‘இந்தப் பிள்ளை என்னதான் சொல்ல வருகிறது?’ என்று கேட்டுக்கொண்டால் நமக்கு ஒரு வாக்கியம் கிடைப்பதில்லை.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்தக் கட்டுரையின் இரண்டாம் பத்தியையும் நான்காம் பத்தியையும் இடம் மாற்றிப் படித்துப் பாருங்கள். எதுவும் கெடவில்லை என்றால் அது கட்டுரை அல்ல, பட்டியல். பட்டியலில் எந்தப் பொருளையும் எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ‘மேலும்’ என்ற சொல்லும் அப்படித்தான். எந்தப் பத்தியின் முன்னாலும் நிற்கும், எதையும் இணைக்காது.

நாம் பொதுவாக இதற்குச் செய்கிற வைத்தியம், இணைப்புச் சொற்களின் பட்டியல் ஒன்றைக் கரும்பலகையில் எழுதிப் போடுவது. ஆகவே, எனினும், மாறாக, இவ்வாறாக என்று பதினைந்து சொற்கள். அடுத்த தேர்வில் ‘மேலும்’ இருந்த இடத்தில் ‘எனினும்’ வந்திருக்கும், அவ்வளவுதான். எதிர்மறையாக எதுவும் இல்லாத இடத்தில் ‘எனினும்’, காரணம் எதுவும் சொல்லாத இடத்தில் ‘ஆகவே’. இது முன்பிருந்ததைவிட மோசம். ஏனென்றால் ‘மேலும்’ எதையும் உறுதியளிப்பதில்லை. ‘ஆகவே’ ஒரு காரணத்தை உறுதியளித்துவிட்டு ஏமாற்றுகிறது.

இரண்டு பத்திகளை இணைப்பது சொல் அல்ல, காரணம். இந்தப் பத்தி ஏன் அந்தப் பத்திக்குப் பின்னால் வருகிறது என்ற கேள்விக்கு மாணவரிடம் பதில் இருந்தால், அதைச் சொல்லச் சொல் தானே வரும். பதில் இல்லையென்றால் எந்தச் சொல்லைக் கொடுத்தும் பயனில்லை.

இந்தக் கேள்வியை ஒரு முறையாகவே கையாண்டவர் நம்மிடம் இருக்கிறார். திருக்குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர், ஓர் அதிகாரத்தைத் தொடங்கும்போது முதலில் அதன் தலைப்புக்குப் பொருள் சொல்வார். அடுத்து, இந்த அதிகாரம் ஏன் முந்தைய அதிகாரத்தின் பின் வைக்கப்பட்டது என்று சொல்வார். அதன் பிறகுதான் குறள்களுக்குப் போவார். இதை அதிகார முறைமை என்கிறோம். குறளுரையைப் பாடமாகப் படித்த நம்மில் பலர் இந்தப் பகுதியை வேகமாகக் கடந்துபோயிருப்போம். கட்டுரை கற்பிக்கிறவருக்கு அதுதான் பொக்கிஷம்.

இல்லறவியலில் தொடர்ந்து வரும் நான்கு அதிகாரங்களை எடுத்துக்கொள்வோம்: அன்புடைமை, விருந்தோம்பல், இனியவை கூறல், செய்ந்நன்றி அறிதல். தலைப்புகளை மட்டும் பார்த்தால் நான்கு நல்ல குணங்களின் வரிசை. மாணவர் எழுதினால் நடுவில் மூன்று ‘மேலும்’ வந்திருக்கும். பரிமேலழகர் சொல்லும் காரணங்களை இன்றைய தமிழில் சுருக்கிச் சொன்னால் இப்படி வரும். விருந்தோம்புவது அன்பால் ஒன்றிய கணவனும் மனைவியும் சேர்ந்து செய்யவேண்டிய செயல். அன்பில்லாமல் அது நடக்காது. அதனால் அன்புடைமைக்குப் பின் விருந்தோம்பல். விருந்து கொடுப்பவருக்கு இனிய சொல் இல்லாமல் முடியாது. அதனால் அதன் பின் இனியவை கூறல். இனிய சொல்லோடு இல்லறம் நடத்துகிறவருக்கும் தப்ப வழியில்லாத ஒரு குற்றம் உண்டு, அது நன்றி மறப்பது. அதிலிருந்து காத்துக்கொள்வதற்காக அடுத்தது செய்ந்நன்றி அறிதல்.

மூன்று இணைப்புகளும் மூன்று விதம் என்பதைக் கவனியுங்கள். முதலாவதில், முன்னது பின்னதற்கு அடிப்படை. இரண்டாவதில், பின்னது முன்னதற்குத் துணை. மூன்றாவதில், முன்னது எல்லாம் இருந்தும் எஞ்சி நிற்கும் ஓர் ஆபத்தை நோக்கிப் பின்னது போகிறது. இன்றைய கட்டுரைச் சொற்களில் சொன்னால் ‘அதனால்’, ‘அதற்குத் துணையாக’, ‘ஆயினும்’. சொற்பட்டியலில் இருந்தவைதாம். ஆனால் இங்கே காரணம் முதலில் பிறந்தது, சொல் பிறகு வந்தது.

அதிகாரங்களை அடுக்கும் வரிசையில் உரையாசிரியர்களிடையே வேறுபாடு உண்டு என்பதையும் மாணவருக்குச் சொல்லலாம். வரிசை என்பது வானத்திலிருந்து விழுவதல்ல, காரணம் காட்டி நிறுவவேண்டியது என்று அப்போது புரியும்.

இனி ஒரு கட்டுரையில் இதைச் செய்து பார்ப்போம். நம் மாவட்டத்துப் பாட்டையே எடுத்துக்கொள்கிறேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் ஒரு பகுதி இடம்பெற்றுள்ள மலைபடுகடாம், பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடிகள், பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் நன்னன். அவனுடைய ஊரான செங்கண்மா இன்று நம் செங்கம். பாட்டில் வரும் நவிரமலையைப் பர்வதமலை என்கிறார்கள். பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், வறுமையோடு எதிரில் வரும் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்வதுதான் பாட்டு. அதனால் கூத்தராற்றுப்படை என்றும் பெயர். பத்திகளுக்கு இடையில் வழி காட்டுவதைப் பற்றிப் பேச, வழி காட்டுவதையே பொருளாகக் கொண்ட பாட்டைவிடப் பொருத்தமானது கிடைக்காது.

‘மலைபடுகடாம் காட்டும் விருந்தோம்பல்’ என்று ஒரு கட்டுரை கொடுத்தால் நன்றாகப் படிக்கும் மாணவர் பெரும்பாலும் எழுதுவது இந்த ஐந்து பத்திகளை. ஒன்று, வழியின் இடர்கள்: பன்றிகளுக்கு வைத்த பொறிகள், பாம்புகள் உள்ள பள்ளங்கள், வழுக்கும் பாறைகள், யானையை விரட்டத் தினைப்புனக் காவலர் கவணில் எறியும் கற்கள். இரண்டு, மலைவாழ் மக்கள் தரும் விருந்து: சொந்த வீட்டுக்குள் போவதுபோல நுழையலாம், உறவினரைப்போல இனிய சொல் சொல்வார்கள், இறைச்சியும் தினைச்சோறும் தருவார்கள். மூன்று, மலையிலிருந்து இறங்கியபின் கோவலர் தரும் பாலும், வயல் நாட்டில் உழவர் தரும் உணவும். நான்கு, மலையில் எழும் பலவகை ஓசைகள், நூலுக்கு மலைபடுகடாம் என்று பெயர் வந்த காரணம். ஐந்து, நன்னன் வரவேற்றுப் பொற்றாமரையும் அணிகலன்களும் தருவது.

செய்தியில் குறையில்லை. ஐந்தையும் ஐந்து துண்டுத்தாளில் எழுதி மேசைமேல் கலைத்துப் போட்டால் எந்த வரிசையிலும் அடுக்கலாம் என்பதுதான் சிக்கல். இதைச் சரிசெய்ய முதல் வேலை, இணைப்பு வாக்கியம் எழுதுவதல்ல. ஐந்து பத்தியும் சேர்ந்து எதை நிறுவப்போகின்றன என்று ஒரே வாக்கியம் எழுதுவது. ‘மலைபடுகடாமில் விருந்தோம்பல் சிறப்பாகக் கூறப்பட்டுள்ளது’ என்று ஒரு பிள்ளை எழுதும். அது தலைப்பையே திருப்பிச் சொல்வது. அதற்கு எதிராக யாரும் எதுவும் சொல்ல முடியாது. யாராவது ‘அப்படியா? எப்படிச் சொல்கிறாய்?’ என்று கேட்கத் தூண்டும் வாக்கியம் வேண்டும். எடுத்துக்காட்டாக: ‘நன்னனின் பெருமையை அவன் அரண்மனையில் தரும் பரிசைவிட, அவன் நாட்டு எளிய மக்கள் வழியில் தரும் சோறே அதிகமாகக் காட்டுகிறது.’ இதை ஒருவர் மறுக்கலாம். ஆகவே நிறுவ வேண்டியிருக்கிறது. நிறுவ வேண்டியிருப்பதால் வரிசை வேண்டியிருக்கிறது.

இந்த வாக்கியத்தை மேலே வைத்துக்கொண்டு துண்டுத்தாள்களை மறுபடி பார்க்கவேண்டும். ஒவ்வோர் அடுத்தடுத்த இரண்டுக்கும் நடுவில் பரிமேலழகரின் கேள்வியைக் கேட்கவேண்டும்: இது ஏன் அதன் பின்?

இடர்களுக்குப் பின் ஏன் மலைமக்கள் விருந்து? இவ்வளவு ஆபத்தான வழியில் நடந்து களைத்தவனுக்குக் கிடைக்கும் சோறு, ஊருக்குள் உட்கார்ந்திருப்பவனுக்குக் கிடைக்கும் சோறு அல்ல. இடரின் அளவே விருந்தின் அளவைக் காட்டுகிறது. காரணம் இருக்கிறது. மலைமக்கள் விருந்துக்குப் பின் ஏன் கோவலரும் உழவரும்? ஓரிடத்து மக்கள் மட்டும் நல்லவர்களாக இருந்தால் அது அந்த ஊரின் பெருமை; நிலம் மாறி, தொழில் மாறி, உணவு மாறியும் உபசாரம் மாறாவிட்டால்தான் அது நாட்டின் பெருமை. இதற்கும் காரணம் இருக்கிறது. உழவருக்குப் பின் ஏன் மலையின் ஓசை?

இங்கே வகுப்பு நின்றுவிடும். நிற்கட்டும். வயலுக்கு இறங்கிவிட்டவரை எதற்காக மறுபடி மலைக்கு ஏற்றுகிறோம்? நேர்மையாகச் சொன்னால் காரணம் இல்லை. பாடநூலில் பெயர்க்காரணம் இருக்கிறது, படித்ததை விட மனமில்லை, அதனால் எழுதியிருக்கிறோம். இணைப்பு வாக்கியம் எழுத வரவில்லை என்பது மொழித்திறன் குறைவு அல்ல, பத்தி தவறான இடத்தில் இருக்கிறது என்ற அறிவிப்பு. இதைப் பிள்ளைகள் ஒருமுறை கண்டுவிட்டால் போதும்.

அந்தப் பத்தியை என்ன செய்வது? இரண்டு வழி. எடுத்துவிடலாம். அல்லது அதற்கு உரிய இடத்தைத் தேடலாம். அந்த ஓசைகள் எவை என்று நூலுக்குள் போய்ப் பார்த்தால், அருவியும் விலங்குகளும் மட்டுமல்ல. தேன் எடுக்கும் குறவர் எழுப்பும் ஒலி இருக்கிறது, புலியால் காயம்பட்ட கணவனின் புண் ஆறப் பெண்கள் பாடும் பாட்டு இருக்கிறது. அதாவது அந்த மலை வெறும் ஆபத்து நிறைந்த காடு அல்ல, மனிதர்கள் வேலை செய்து, துன்பப்பட்டு வாழும் இடம். அப்படியானால் இந்தப் பத்தி நிற்கவேண்டிய இடம் இடர்களுக்குப் பின், மலைமக்கள் விருந்துக்கு முன். ஆபத்தான மலை, ஆயினும் ஆளற்ற மலை அல்ல என்று காதுக்குத் தெரிகிறது, அந்த ஒலிக்கு உரியவர்கள்தாம் விருந்து தருகிறார்கள். நான்காவதாக ஒட்டாமல் கிடந்த பத்தி இரண்டாவதாக வந்ததும் கட்டுரைக்கே முதுகெலும்பாகிவிட்டது.

‘பாட்டில் ஓசைகள் அந்த இடத்தில் இல்லையே?’ என்று ஒரு மாணவி கேட்கலாம், நல்ல கேள்வி. பாட்டில் மலைமக்களின் விருந்து முதலிலேயே வந்துவிடுகிறது. கட்டுரையின் வரிசை பாட்டின் வரிசையாக இருக்கவேண்டியதில்லை. பாட்டின் வரிசையை அப்படியே பின்பற்றினால் கிடைப்பது கதைச்சுருக்கம். அங்கே ‘பிறகு’, ‘பின்னர்’ என்ற சொற்களே போதும். துணைப்பாடக் கதைகளைப் பற்றி எழுதும்போது நம் மாணவர்கள் அதிகம் விழும் குழி இதுதான்.

இப்போது காரணங்களை வாக்கியமாக மாற்றலாம். முந்தைய பத்தி எதை நிறுவியதோ அதைச் சில சொற்களில் சுருக்கி எடுத்துக்கொண்டு, புதிய பத்தி எதை எடுத்துப் பேசப்போகிறதோ அதோடு ஒரே வாக்கியத்தில் கட்டவேண்டும். பத்தியின் முதல் வாக்கியமாக அது நின்றால் போதும்.

இரண்டாம் பத்தி இப்படித் தொடங்கலாம்: ‘கண்ணுக்கு இவ்வளவு அச்சம் தரும் இந்த மலையைக் காதால் கேட்டால் வேறொன்று தெரிகிறது.’ மூன்றாம் பத்தி: ‘தேன் எடுப்பவரும் புண்ணுக்குப் பாடுபவருமான இந்த மக்கள்தாம், முன்பின் அறியாத கூத்தரைச் சொந்த வீட்டுக்குள் விடுவதுபோல விடுகிறார்கள்.’ நான்காம் பத்தி: ‘மலையில் கிடைத்த இந்த உபசாரம் மலையோடு நின்றுவிடவில்லை, நிலம் இறங்க இறங்க உணவு மாறுகிறது, மனம் மாறவில்லை.’ ஐந்தாம் பத்தி: ‘இத்தனை வாசல்களில் உண்டு வந்தவர் கடைசியாக நிற்கும் வாசல்தான் நன்னனுடையது.’

இந்த நான்கில் ‘மேலும்’ இல்லை. ‘ஆகவே’, ‘எனினும்’கூட இல்லை. ‘இந்த மலை’, ‘இந்த மக்கள்’, ‘இந்த உபசாரம்’, ‘இத்தனை வாசல்கள்’ என்ற சுட்டுகளே கட்டும் வேலையைச் செய்கின்றன. தமிழில் பத்தியை இணைக்கும் மிக வலிமையான கருவி சுட்டுதான் என்பது என் கருத்து. ஆனால் ‘இது’, ‘இதனால்’ என்று வெறுமனே நிறுத்தினால் வலிமை போய்விடும்; எது என்று படிப்பவர் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். ‘இந்த’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு பெயர்ச்சொல் கட்டாயம் வேண்டும். அந்தப் பெயர்ச்சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போதே மாணவர் முந்தைய பத்தியைத் தமக்குள் சுருக்கிக்கொண்டுவிடுகிறார். முந்தைய பத்தியில் ‘சோறு’ என்று இருந்ததை ‘இந்த உபசாரம்’ என்று எடுத்தால் ஒரு கருத்து. ‘இந்த நம்பிக்கை’ என்று எடுத்தால் வேறொரு கருத்து. அடுத்த பத்தி எந்தப் பக்கம் போகும் என்பதை அந்த ஒரு சொல் தீர்மானிக்கிறது.

ஐந்தாம் பத்தியைத் தனியாகக் கவனிக்கவேண்டும். பட்டியல் கட்டுரையில் நன்னனின் பரிசு உச்சம். நம் வாக்கியத்தின்படியோ அரண்மனைப் பரிசைவிட வழிச்சோறு பெரிது. அப்படியானால் பொற்றாமரை நம் கருத்துக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிடுகிறதே? அதை மறைக்கக்கூடாது. ‘நன்னன் தரும் பொன் பெரிதுதான். ஆனால் பொன் தரும் மன்னர்களை வேறு ஆற்றுப்படைகளும் காட்டுகின்றன’ என்று ஒப்புக்கொண்டு திரும்பலாம். கட்டுரை முழுவதிலும் ‘ஆனால்’ என்ற சொல்லுக்கு உண்மையான தேவை இருப்பது இந்த ஓர் இடத்தில்தான். அதற்கு முன் நான்கு இடத்தில் அலட்சியமாகச் செலவழித்திருந்தால் இங்கே அதற்கு விசை இருக்காது.

இதுவரை பேசியது இணைப்பு. வழிகாட்டி வாக்கியம் என்பது வேறு. இணைப்பு இரண்டு பத்திகளைக் கட்டுகிறது; வழிகாட்டி, படிப்பவர் பயணத்தில் எந்த இடத்தில் இருக்கிறார் என்று சொல்கிறது. நன்னூல் பொதுப்பாயிரம் கூறும் முப்பத்திரண்டு உத்திகளில் இதற்குப் பெயரே இருக்கிறது. பின்னால் சொல்லப்போவதை முன்கூட்டிச் சொல்வது ‘உரைத்தும் என்றல்’. முன்னால் சொன்னதை நினைவூட்டுவது ‘உரைத்தாம் என்றல்’. சொல்லப்போவதைத் தொகுத்துக் காட்டுவது ‘தொகுத்துச் சுட்டல்’. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவருக்கு நூலின் இலக்கணம் என்று தனியாக நடத்துவதைவிட, கட்டுரை எழுதும் நாளில் இந்த மூன்றை மட்டும் எடுத்துக் கொடுத்தால் நினைவில் நிற்கும்.

மலைபடுகடாம் இதையே செய்கிறது. எதிரில் வந்தவனைப் பார்த்ததும் கூத்தன் உடனே வழியைச் சொல்லத் தொடங்கிவிடுவதில்லை. வழி எவ்வளவு தூரம், எங்கே தங்கலாம், நாட்டில் என்ன உணவு கிடைக்கும், மலையும் காடும் எப்படி, நன்னனின் கொடை எப்படி, அவனுடைய அவை, நவிரத்துக் கடவுள், ஆறு, ஊர் என்று தான் சொல்லப்போவதை எல்லாம் முதலில் எண்ணிக் காட்டுகிறான். பிறகுதான் ‘இனிக் கேள்’ என்பதுபோல வழிக்கு வருகிறான். ஐந்நூற்றுக்கு மேற்பட்ட அடிகளைக் காதால் மட்டும் கேட்கிறவனுக்கு இந்த முன்னறிவிப்பு இல்லாமல் முடியாது.

ஆனால் அளவு முக்கியம். ஐந்நூறு அடிக்குத் தேவையான முன்னறிவிப்பு ஒன்றரைப் பக்கத் தேர்வுக் கட்டுரைக்குத் தேவையில்லை. ‘இக்கட்டுரையில் முதலில் இடர்களையும், இரண்டாவதாக ஓசையையும், மூன்றாவதாக விருந்தையும் காண்போம்’ என்று முன்னுரையில் எழுதினால், பெரிய வண்டியை இழுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போவதுபோல் ஆகிவிடும். தேர்வுக் கட்டுரைக்கு முன்னுரையின் கடைசி வாக்கியமாக அந்த மையக் கருத்து நின்றாலே அது போதுமான ‘உரைத்தும்’. நடுவில் ஒரே ஓர் ‘உரைத்தாம்’, அதுவும் நான்காம் பத்தியைத் தாண்டி முதல் பத்தியை மறுபடி தொட வேண்டியபோது. மேல்நிலை மாணவர் இலக்கிய மன்றத்துக்கோ போட்டிக்கோ பத்துப் பன்னிரண்டு பக்கம் எழுதும்போது கணக்கு மாறும். அங்கே மூன்று நான்கு பத்திகள் சேர்ந்து ஒரு பகுதியாகும், ஒவ்வொரு பகுதியின் திருப்பத்திலும் ‘இதுவரை வழியைப் பார்த்தோம், இனி வழியில் இருந்தவர்களைப் பார்ப்போம்’ என்பதுபோல ஒரு வாக்கியம் வைத்தால் படிப்பவருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கும்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல எனக்குச் சிரமம் இருந்ததில்லை. மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர்ப் பாதையில் இந்திர லிங்கம் முதல் ஈசான்ய லிங்கம் வரை எட்டு இடங்கள். எம லிங்கம் வந்துவிட்டது, இன்னும் இவ்வளவு இருக்கிறது என்று நடப்பவருக்குத் தெரியும். எட்டுதான், எண்பது அல்ல. இன்னொன்றும் உண்டு: அந்தப் பாதையில் எங்கே நின்று பார்த்தாலும் மலை தெரியும், ஆனால் ஒவ்வோர் இடத்திலும் வேறு முகமாகத் தெரியும். கட்டுரையின் மையக் கருத்தும் பத்திதோறும் அப்படித் தெரியவேண்டும் என்றால் உடனே புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு பத்தியிலும் மையக் கருத்தை அதே சொற்களில் திரும்ப எழுதுவது, ஒரே இடத்தில் நின்றுகொண்டு மலையைப் பார்ப்பது.

நன்னூலில் இன்னொரு பகுதியும் பயன்படும். சூத்திரங்கள் ஒன்றோடொன்று நிற்கும் நிலையை நான்காகச் சொல்லும்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. ஆற்று நீர்போல இடையறாமல் செல்வது முதலாவது. சிங்கம் நடந்துகொண்டே முன்னும் பின்னும் பார்ப்பதுபோல இருபக்கமும் நோக்குவது இரண்டாவது. தவளை போல இடைவெளி விட்டுத் தாவுவது மூன்றாவது. மேலே பறக்கும் பருந்து ஒன்றை நோக்கி இறங்கி எடுத்துச் செல்வதுபோல் வருவது நான்காவது. சூத்திரத்துக்குச் சொன்னதைப் பத்திக்கு அப்படியே பொருத்த வேண்டியதில்லை. ஆனால் ஒரு மாணவரின் கட்டுரையைப் பற்றிப் பேச இவை நல்ல சொற்கள். மேலே நாம் எழுதிய ‘தேன் எடுப்பவரும் புண்ணுக்குப் பாடுபவருமான இந்த மக்கள்தாம்’ என்ற வாக்கியம் அரிமா நோக்கு. விடைத்தாளின் ஓரத்தில் ‘தொடர்ச்சி இல்லை’ என்று எழுதுவதைவிட ‘இங்கே தவளைப் பாய்த்து’ என்று எழுதினால், எதைத் தாண்டிக் குதித்தோம் என்று மாணவர் தேடுவார். ‘தொடர்ச்சி இல்லை’ என்பது தீர்ப்பு, அது தேடவிடாது.

உட்தலைப்புகளைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குறிப்புச்சட்டகம், முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை என்ற அமைப்பு நம் தேர்வில் நிலைபெற்றது. அதற்கு மதிப்பெண்ணும் உண்டு. அதை எதிர்த்துப் போராடுவதில் எனக்கு விருப்பமில்லை. பிள்ளையின் மதிப்பெண்ணை வைத்து நாம் சோதனை செய்யக்கூடாது. ஆனால் உட்தலைப்பு ஒரு நல்ல மறைப்பும்கூட. இரண்டு பத்திகளுக்கு நடுவில் அடிக்கோடிட்ட தலைப்பு வந்துவிட்டால் அங்கே பிளவு இருப்பது தெரியாது. ஆகவே உட்தலைப்பு இருக்கட்டும், அதற்குக் கீழே வரும் முதல் வாக்கியம் தலைப்பையே திரும்பச் சொல்லாமல் மேலே உள்ள பத்தியைத் தொடவேண்டும் என்பது மட்டும் விதி. சரிபார்க்க உட்தலைப்புகளைப் பென்சில் பெட்டியாலோ அளவுகோலாலோ மறைத்துவிட்டுப் படிக்கச் சொல்லலாம். தலைப்பு இல்லாமலும் ஓடினால் சரி. வகுப்பில் அருகில் இருப்பவரின் தாளை இப்படிப் படிக்கச் செய்தால் ஒரு பாடவேளையில் எல்லாத் தாளும் பார்த்தாகிவிடும்.

இன்னும் விரைவான சோதனை: ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் தனித்தாளில் வரிசையாக எழுதச் சொல்வது. மேலே உள்ள நான்கு வாக்கியங்களையும் மையக் கருத்தையும் அப்படி எழுதிப் பாருங்கள். ஐந்து வரியில் கட்டுரையின் வாதம் முழுவதும் வந்துவிடும். பட்டியல் கட்டுரையில் அப்படிச் செய்தால் கிடைப்பது பொருளடக்கம். நூறு தாள் திருத்த வேண்டிய நாளில் எனக்கு இது நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது; முதல் வாக்கியங்களைப் படித்தாலே எந்த இடத்தில் முறிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தொடக்கப் பள்ளியில் இதன் விதை வேறு வடிவில் இருக்கிறது. படங்களைப் பார்த்துக் கதை சொல்லும் நான்காம் வகுப்புக் குழந்தை ‘அப்புறம்… அப்புறம்…’ என்று சொல்லிக்கொண்டே போகும். அதைத் திருத்த வேண்டாம். கதை முடிந்தபின் ஏதாவது ஓர் ‘அப்புறம்’ இருந்த இடத்துக்குத் திரும்பி, ‘அப்புறமா, அதனாலயா?’ என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். காகம் பறந்தது, அப்புறம் வடை விழுந்தது என்று சொன்ன குழந்தை, ‘இல்ல டீச்சர், வாயத் தொறந்துச்சு, அதனாலதான் விழுந்துச்சு’ என்று தானே வந்துவிடும். ஒரு கதைக்கு ஒரு கேள்வி போதும்.

பத்தாம் வகுப்புக்கு வந்தபின் துண்டுத்தாள் வேலைக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கவேண்டும். முதல் நாள் மையக் கருத்தும் ஐந்து துண்டும். இரண்டாம் நாள் நடுவில் நான்கு காரணங்கள். முழுக் கட்டுரையை அன்றே எழுத வைத்தால் காரணங்களை மறந்துவிட்டு மனப்பாடப் பத்திகளுக்குத் திரும்பிவிடுகிறார்கள். வீட்டுப்பாடமாகக் கொடுத்தால் வழிகாட்டி நூலிலிருந்து வந்துவிடுகிறது. ஆகவே அன்று முதல் வாக்கியங்கள் நான்கை மட்டும் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. வழிகாட்டி நூல்களில் பத்திகள் நிறைய இருக்கின்றன; இந்த நான்கு வாக்கியங்கள் மட்டும் எந்த வழிகாட்டி நூலிலும் இல்லை.